ஒரே சேனலை நம்பியிருக்கும் வருமானத்தைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: தையல் சொல்லித்தரும் யூடியூப் சேனல் வைத்திருக்கிறேன். மாதம் 30, 35 ஆயிரம் வருகிறது. வீடு ஓடுவதே அதில்தான். நாளைக்கே சேனல் போய்விட்டால், இல்லை விதியை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை. பாதுகாப்புக்கு இரண்டாவது சேனல் தொடங்கலாமா? இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கிலும் போட்டால் போதுமா?

பதில்:

பாதுகாப்புக்காக என்றால் இரண்டாவது சேனல் வேண்டாம் சகோதரி. அது இன்னொரு வருமானம் மாதிரி தெரியும், ஆனால் சாவி ஒன்றேதான். யூடியூப் ஒரு சேனலை முழுதாக நீக்கினால், அதே ஆள் வேறு சேனல் வைத்திருக்கவோ புதிதாகத் தொடங்கவோ கூடாது என்பது அவர்கள் விதி. இருக்கிற மற்ற சேனலும் சேர்ந்தே போகலாம். 2025 அக்டோபரில் இதைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு வருடம் கழித்துப் புதிய சேனலுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். காப்புரிமை மீறலால் போனவர்களுக்கு அதுவும் கிடையாது. பணம் வருகிற ஆட்சென்ஸ் கணக்கும் ஆளுக்கு ஒன்றுதான். இரண்டு சேனலையும் அதே ஆட்சென்ஸில்தான் இணைப்பீர்கள். அது முடங்கினால் இரண்டும் ஒரே நாளில் நின்றுவிடும். வீட்டுக்காரர் பெயரில் கணக்கு திறந்து அதே வீடியோக்களைப் போடுவது இன்னும் ஆபத்து. தடையைச் சுற்றிப் போவதாக எடுத்துக்கொள்வார்கள்.

மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ் எல்லாம் திறந்து வைத்திருக்கிறேன், வருமானம் பல வழியில் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். மெம்பர்ஷிப்பில் 70 சதவீதம் நமக்கு வருவது நல்ல விஷயம்தான், திறந்து வையுங்கள். ஆனால் அதுவும் அந்தச் சேனலுக்குள் இருக்கிறது. சேனல் போனால் அதுவும் போகும்.

எத்தனை தளத்தில் இருக்கிறோம் என்று எண்ணுவதால் பெரிய பயனில்லை. ஒவ்வொரு வருமானத்துக்கும் மூன்று விஷயம் எழுதிப் பாருங்கள். பணம் கொடுப்பவர் நம்மை எங்கே கண்டுபிடித்தார்? பணத்தை யார் கையிலிருந்து வாங்குகிறோம்? அது எந்தக் கணக்கில் வந்து விழுகிறது? இந்த மூன்றும் மற்ற வருமானத்திலிருந்து வேறாக இருந்தால்தான் அது தனி வருமானம்.

நான் கணக்கு பார்க்கிறவர்களில் ஈரோடு பக்கம் ஒருவர் இருக்கிறார். உங்களைப் போலவே பிளவுஸ் கட்டிங் சேனல்தான். அவருடைய கணக்கை அப்படியே சொல்கிறேன், பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல்முறை வந்தபோது மாதம் சராசரியாக விளம்பரத்தில் 31,000, ஒரு தையல் மெஷின் கடைக்காக வீடியோவில் பேசுவதற்கு 3,000, வீடியோவுக்குக் கீழே போடும் பொருள் லிங்குகளின் கமிஷன் 1,500, ஃபேஸ்புக்கில் 600. நாலு இடத்திலிருந்து வருகிறது என்று நிம்மதியாக இருந்தார். யூடியூப்பை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கச் சொன்னேன். மெஷின் கடைக்காரர் பணம் கொடுப்பது அந்த வீடியோவை ஜனங்கள் பார்ப்பதால். லிங்க் இருப்பதும் அதே வீடியோவின் கீழே. ஆகவே மிச்சம் 600 ரூபாய்தான். நீங்களும் இன்று ஒரு தாளில் இப்படி அடித்துப் பாருங்கள்.

இப்படி ஒரே ராத்திரியில் அடிபடுவது நடக்காத விஷயம் அல்ல. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது, அதில் டிக்டாக்கும் ஒன்று. லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்களும் அவர்களில் ஒருவரைக்கூட மறுநாள் தொடர்புகொள்ள முடியவில்லை. அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. விதி மாறுவதும் அப்படித்தான். 2018 ஜனவரியில் யூடியூப், விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று மாற்றியது. அதுவரை மொத்தம் 10,000 பார்வை இருந்தால் போதும் என்றிருந்தது. அந்தப் பிப்ரவரியில் சின்ன சேனல்கள் பலவற்றுக்கு வருமானம் நின்றது. வேறு இடத்துக்குப் போனாலும் உங்களோடு வரக்கூடியது ஒன்றுதான்: உங்களைப் பார்ப்பவர்களின் தொடர்பு எண். சந்தாதாரர் எண்ணிக்கை உங்கள் சொத்து இல்லை, அந்தத் தளத்தின் சொத்து.

அதனால் ஈரோட்டுச் சகோதரி முதலில் வேறு எந்தத் தளத்துக்கும் போகவில்லை, எண்களைச் சேர்த்தார். 34 அளவு பிரின்சஸ் கட் பிளவுஸுக்கு ஒரு அளவுத்தாள் வரைந்து பிடிஎஃப் ஆக்கினார். அந்த வீடியோவில், ஆர்ம்ஹோல் வளைவு சரியாக வராமல் எல்லோரும் தடுமாறும் இடத்தில், “இந்த வளைவு வரைந்த தாள் வேண்டும் என்றால் 34 என்று இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள்” என்றார். முன்பு அவர் வீடியோவின் கடைசியில் சொன்னபோது யாரும் அனுப்பவில்லை. அந்த இடத்துக்கு மாற்றியதும் வரத் தொடங்கியது. மூன்று மாதத்தில் 2,300 எண்கள். பெயர், ஊர், எந்த அளவு கேட்டார், என்றைக்கு என்று ஒவ்வொன்றையும் ஒரு ஷீட்டில் ஏற்றினார். அடுத்து வகுப்பு பற்றித் தகவல் அனுப்பலாமா என்று கேட்டு, சரி என்றவர்களை மட்டும் குறித்துக்கொண்டார்.

எண்ணை வாட்ஸ்அப்புக்குள்ளேயே விட்டுவைத்தால் அதுவும் இன்னொரு தளத்தை நம்புவதுதான். அங்கே ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச்சேரும். கேட்காதவர்களுக்கு மொத்தமாக அனுப்பினால், பெறுகிறவர்கள் புகார் செய்து எண்ணே முடக்கப்படலாம். தாளை அனுப்பும்போதே “எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்று எழுதுங்கள். ஷீட்டை மாதம் ஒருமுறை பதிவிறக்கி பென்டிரைவில் போடுங்கள். மின்னஞ்சலும் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் பேர்தான் தருவார்கள், அது போதும்.

அந்த எண்களை வைத்து அவர் முதல் வகுப்பு நடத்தினார். பத்து நாள், சாயங்காலம் ஜூமில். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும் என்பதால் வகுப்பையே 40 நிமிடத்துக்கு அமைத்துக்கொண்டார். கட்டணம் 900, பதினொரு பேர், 9,900 ரூபாய். அடுத்த மாதம் அதே வகுப்பை அதே பட்டியலுக்கு அனுப்பினார், ஏழு பேர்தான் வந்தார்கள். விலை அதிகமோ என்று பயந்து குறைக்கப் பார்த்தார். விலையில் தப்பில்லை. கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் முதல் மாதமே வந்துவிட்டார்கள். மூன்றாவது மாதம் கட்டோரி பிளவுஸ் என்று பாடத்தை மாற்றினார், பதினாறு பேர். அதற்கப்புறம் மாதம் சுமார் 10,000 என்று நிலைத்திருக்கிறது. இப்போது பதினைந்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒவ்வொருவரும் தைத்ததைப் படம் எடுத்து அனுப்புவார்கள், அதைப் பார்த்துத் திருத்தம் சொல்லவே இரவு பத்து மணி ஆகிவிடுகிறது.

ஆனால் இந்த வகுப்புக்கு வருகிறவர்களும் யூடியூப்பில் பார்த்தவர்கள்தான். சேனல் நின்றால் பட்டியல் வளராது, சில மாதத்தில் வகுப்பு வருமானம் பாதியாகும். அதனால் யூடியூப் வாசலே மிதிக்காத வாடிக்கையாளரும் வேண்டும். அவர் 32 முதல் 42 வரை ஆறு அளவுக்குப் பழுப்புத் தாளில் பேட்டர்ன் அச்சடித்து, விலை 350 என்று உறை போட்டு, பழக்கமான அந்த மெஷின் கடையிலேயே வைத்தார். மெஷின் வாங்க வருகிறவர், பாபின், ஊசி வாங்க வருகிறவர், கண்ணெதிரே தொங்குவதை எடுத்துப்போகிறார். கடைக்கு 80, அச்சுச் செலவு 120, இவருக்கு 150. இப்போது மூன்று கடைகளில் சேர்த்து மாதம் 40 உறை போகிறது, 6,000 ரூபாய். தொகை சின்னது. எனக்கு அவருடைய கணக்கிலேயே பிடித்த வரி இதுதான், ஏனென்றால் இது எந்தத் தளத்தின் முடிவையும் பொறுத்தது இல்லை.

பதினான்கு மாதம் கழித்து மறுபடி அடித்துப் பார்த்தோம். யூடியூப் இல்லை என்றால் வகுப்பில் பாதி 5,000, உறையில் 6,000, ஃபேஸ்புக்கில் கொஞ்சம். ஏறத்தாழ 12,000 வரும். 36,000 இருந்த இடத்தில் 12,000 என்பது கஷ்டம்தான். ஆனால் வாடகை, அரிசி, கேஸ், பால் இந்த அளவுக்குள் அடங்குகிறது. இன்னும் நாலு வழி சேர்த்து 36,000-ஐ எட்டலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு ஆள் செய்கிற வேலையில் அது நடக்காது. நாலையும் அரைகுறையாகச் செய்து, சோறு போடுகிற சேனலில் வீடியோ குறைந்து, விதி மாறாமலேயே வருமானம் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு வழி நிலைத்து மூன்று மாதம் ஆன பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

மிச்ச இடைவெளியைச் சேமிப்பால்தான் அடைக்க முடியும். எவ்வளவு என்பதற்குத் தேதி வைத்துக் கணக்கு போடலாம். மார்ச் 10 அன்று விதிமீறல் என்று சொல்லி விளம்பர வருமானத்தை நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அது தோற்றால், நிறுத்திய நாளிலிருந்து 90 நாள் கழித்துதான் மறுபடி விண்ணப்பிக்க முடியும், அதாவது ஜூன் 8. பரிசீலனைக்கு ஒரு மாதம் என்றால் ஜூலை 8. ஆட்சென்ஸ் ஒரு மாத வருமானத்தை அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள்தான் அனுப்பும், அதுவும் 100 டாலர் சேர்ந்திருந்தால். அப்போது உங்கள் கையில் என்ன நடக்கும்? மார்ச் கடைசியில் பிப்ரவரிப் பணம் முழுதாக வரும். ஏப்ரல் கடைசியில் மார்ச்சின் பத்து நாள் பணம். மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் ஒன்றுமில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஜூலையின் முக்கால் பங்கு. வீட்டுக்கு மாதம் 24,000 தேவை, மற்ற வழியில் 12,000 வருகிறது என்றால், மாதம் 12,000 குறையும். மூன்று முழு மாதத்துக்கு 36,000, இரண்டு அரைகுறை மாதத்துக்குக் கொஞ்சம், ஆக 50,000 ரூபாய் தனியாக இருந்தால் தாங்கும். மற்ற வழி எதுவுமே இல்லாவிட்டால் இதே ஐந்து மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கு அருகில் தேவைப்படும். போலி கிளிக் போன்ற காரணத்தால் ஆட்சென்ஸையே மூடினால், வரவேண்டிய பாக்கியையும் நிறுத்திவைக்கலாம். அதனால் உங்கள் விளம்பரத்தை நீங்களோ வீட்டில் இருப்பவர்களோ தொடவே வேண்டாம்.

இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் பற்றிக் கேட்டீர்கள். போடுங்கள், ஆனால் இரண்டையும் சேர்த்து ஒன்று என்றே எண்ணுங்கள். இரண்டும் மெட்டாவுடையது, வாட்ஸ்அப்பும் அவர்களுடையதே. 2021 அக்டோபர் 4 அன்று மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் நின்றது நினைவிருக்கும். வீடியோவை அங்கே கொண்டுபோகும்போது மாட்டிக்கொள்ளும் இடம் பாட்டு. இன்ஸ்டாகிராமின் பாட்டு வரிசையில் எடுத்தது அங்கே செல்லும், அதே ரீலை யூடியூப்பில் ஏற்றினால் உரிமை கோரல் வரலாம். 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்டிரைக் சேர்ந்தால் சேனலே போகலாம். ஆகவே எடிட் செய்யும்போது உங்கள் குரல் மட்டும் உள்ள, பாட்டும் வாட்டர்மார்க்கும் இல்லாத பிரதி ஒன்றை எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். நாளைக்கு எந்தத் தளம் வந்தாலும் அதை ஏற்றலாம். பழைய வீடியோக்களின் மூலம் இல்லை என்றால் கூகுள் டேக்அவுட் வழியாக இப்போதே இறக்கிவிடுங்கள், சேனல் போனபின் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

சொந்தமாக ஒரு இணைய முகவரியும் வாங்குங்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். அதில் ஒரே பக்கம் போதும்: வகுப்பு விவரம், வாட்ஸ்அப் எண், அளவுத்தாள். 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸ் விவரத்திலும் கமெண்டிலும் லிங்கைச் சொடுக்க முடியாது என்று யூடியூப் மாற்றியது. அதுவரை அந்த லிங்கை நம்பி ஆள் சேர்த்தவர்களின் வழி அடைபட்டது. வாயால் சொல்லக்கூடிய சின்ன முகவரி இருந்தவர்கள் வீடியோவில் சொல்லிவிட்டுப் போனார்கள். முகவரியை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், வெப்சைட் செய்து தருகிறவர் பெயரில் வேண்டாம்.

அப்புறம் வங்கி. இதை யாரும் யோசிப்பதில்லை. ஆட்சென்ஸ் பணமும், வகுப்புக்கு யுபிஐயில் வரும் பணமும், வீட்டுச் செலவும் ஒரே கணக்கில் இருந்தால், அந்த ஒரு கணக்கு நின்றால் எல்லாம் நின்றதுதான். எனக்கே நடந்தது. முன்பின் தெரியாத ஒருவர் என் வகுப்புக்கு என்று 1,500 ரூபாய் அனுப்பினார். அது எங்கோ நடந்த ஆன்லைன் மோசடியில் கைமாறி வந்த பணம். சைபர் கிரைம் புகாரின் பேரில் என் சேமிப்புக் கணக்கு முழுதும் முடக்கப்பட்டது. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் காட்டி மீள ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் பள்ளிக் கட்டணத்துக்குத் தங்கையிடம் கடன் வாங்கினேன். அன்றிலிருந்து மாணவர்களிடம் வாங்கும் பணத்துக்கு வேறு வங்கியில் தனிக் கணக்கு. சனிக்கிழமை தோறும் அதிலிருந்து மாற்றிவிடுவேன். யாருக்காக, என்ன வகுப்பு என்று ஒரு வரி ரசீது கொடுப்பதையும் விடுவதில்லை. பணம் வரும் பாதையே மூடுவதும் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்தியது. அதை மட்டும் பட்டன் வைத்து விற்றவர்கள் அவசரமாக வேறு வழி தேட வேண்டியிருந்தது. யுபிஐயோடு இன்னொரு வழியும் தயாராக இருக்கட்டும்.

கடைசியாக, விதி மாற்றத்தைவிட அடிக்கடி நான் பார்க்கும் இழப்பு கணக்கைத் திருடுவது. “எங்கள் பொருளைப் பற்றிப் பேச வேண்டும், ஒப்பந்தம் இணைத்திருக்கிறோம்” என்று மின்னஞ்சல் வரும். கூடவே ஒரு ஜிப் ஃபைல். திறந்தால், நீங்கள் உள்நுழைந்திருக்கும் பிரவுசரின் குக்கீயையே எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தாலும் அது தடுக்காது, ஏனென்றால் ஏற்கெனவே உள்ளே நுழைந்த நிலையைத்தான் திருடுகிறார்கள். விளம்பரக்காரர்களுக்குக் கொடுக்கும் மின்னஞ்சலை, சேனல் இல்லாத வேறு கூகுள் கணக்கில் வைத்து, போனில் மட்டும் திறந்து பாருங்கள். எடிட் செய்து தருகிற தம்பிக்குப் பாஸ்வேர்டு கொடுக்காமல், யூடியூப் ஸ்டுடியோவின் அனுமதிப் பகுதியில் எடிட்டர் என்று சேருங்கள். கூகுள் கணக்கில் பத்து மாற்றுக் குறியீடுகள் தருவார்கள். அவற்றைத் தாளில் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டு இருக்கும் உறையில் வைத்துவிட்டு, எங்கே வைத்தீர்கள் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். போன் தொலைந்த அன்று உங்களுக்கு வேண்டியது அந்தத் தாள்தான்.